பேக்கேஜ் ரூ.30,000... பில் ரூ.62,540! பல் இம்ப்ளான்ட் கட்டணத்தில் நடப்பது என்ன? திருத்திய பில் கேட்பது எப்படி?

"ஒரு பல் இம்ப்ளான்ட் 30 ஆயிரம்தான், கேப் உட்பட எல்லாம் சேர்த்து." இப்படி ஒரு விளம்பரத்தையோ வாட்ஸ்அப் மெசேஜையோ பார்க்காதவர்கள் இன்று குறைவு. ஆனால் சிகிச்சை முடிந்து கவுண்டருக்கு வந்தால் பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக நிற்கிறது. கேட்டால், "அதெல்லாம் எக்ஸ்ட்ரா மேடம், பேக்கேஜ்ல வராது" என்று பதில் வருகிறது.

பலரும் இந்த இடத்தில் செய்வது ஒன்றுதான். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கேட்டு, 2,000 ரூபாய் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் கேட்க வேண்டியது தள்ளுபடி அல்ல, திருத்திய பில். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எந்த வரியை எதிர்க்கலாம், எதை எதிர்க்க முடியாது? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

'ஒரு பல்' என்பது உண்மையில் மூன்று பொருள்

குழப்பம் தொடங்குவதே இங்குதான். இம்ப்ளான்ட் என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல.

முதலாவது, தாடை எலும்புக்குள் பொருத்தப்படும் டைட்டானியம் ஸ்க்ரூ. பல்லின் வேர் செய்யும் வேலையை இது செய்யும். மருத்துவர்கள் கண்டிப்பான அர்த்தத்தில் இம்ப்ளான்ட் என்று சொல்வது இதை மட்டும்தான்.

இரண்டாவது, அபட்மென்ட். ஸ்க்ரூவின் தலையில் பொருத்தப்படும் சின்ன இணைப்புத் துண்டு. ஈறுக்கு மேலே எட்டிப் பார்ப்பது இதுதான்.

மூன்றாவது, கேப். வெளியே பல் மாதிரி தெரிவது. உலோகத்தின் மேல் செராமிக் பூசியது ஒரு வகை. முழுக்க சிர்கோனியாவில் செய்தது இன்னொரு வகை. இதன் விலை அதிகம்.

ஸ்க்ரூ வைத்த அன்றே பெரும்பாலும் கேப் வைப்பதில்லை. எலும்போடு ஸ்க்ரூ ஒட்டிப் பிடிக்க பொதுவாக 3 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும். அதாவது விலை பேசிய நாளுக்கும் கடைசி பில் வரும் நாளுக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அன்று யார் என்ன சொன்னார்கள் என்பது இரு தரப்புக்குமே மங்கலாகிவிடும். வரிகள் கூடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

பில்லில் என்ன இருக்கும்? ஒரு உதாரணக் கணக்கு

இப்படிப்பட்ட பில்களில் வழக்கமாக வரும் வரிகளை வைத்து ஒரு உதாரணம் பார்ப்போம். ஈறு நோயால் கீழ்க் கடைவாய்ப் பல்லை இழந்த ஒரு பெண்மணி. கிளினிக் வாட்ஸ்அப்பில் சொன்னது: "ஒரு இம்ப்ளான்ட், கேப் உட்பட, எல்லாம் சேர்த்து ரூ.30,000." முன்பணம் ரூ.15,000 கட்டினார். கேப் பொருத்திய நாளில் வந்த பில் இது:

- இம்ப்ளான்ட் பேக்கேஜ்: ரூ.30,000
- சிபிசிடி ஸ்கேன்: ரூ.2,500
- அபட்மென்ட்: ரூ.6,000
- எலும்புத் தூள் வைத்தது: ரூ.8,000
- கிருமி நீக்கம், கையுறை உள்ளிட்ட பொருள்கள்: ரூ.1,500
- சிர்கோனியா கேப் கூடுதல் கட்டணம்: ரூ.5,000
- ஜிஎஸ்டி 18%: ரூ.9,540

மொத்தம் ரூ.62,540. முன்பணம் போக பாக்கி ரூ.47,540. கவுண்டரில் வரிசை நிற்கிறது, வாயில் புதுப் பல், கையில் பில். அவர் முழுப் பணத்தையும் யுபிஐ-யில் கட்டிவிட்டார்.

பணத்தைக் கட்டிவிட்டால் கேட்கும் உரிமை போய்விடுமா? போகாது. கட்டியது, ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம் என்று கிளினிக் வாதாடலாம், அவ்வளவுதான். அதனால் கட்டும்போதே பில்லின் நகலில் 'எதிர்ப்புடன் செலுத்தப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. அப்போது எழுத மறந்தவர்கள், அன்றே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பினாலும் போதும்.

வரி வரியாகப் பார்த்தால்...

*அபட்மென்ட், ரூ.6,000:* கிளினிக்கே 'கேப் உட்பட' என்று எழுதியிருக்கிறது. இந்த வகை இம்ப்ளான்ட்டில் அபட்மென்ட் இல்லாமல் ஸ்க்ரூவின் மேல் கேப் உட்கார முடியாது. கேப்புக்கு விலை சொன்னபோதே அபட்மென்ட்டும் அதில் அடக்கம் என்றுதான் எந்த நோயாளியும் புரிந்துகொள்வார். இந்த வரியை உறுதியாக எதிர்க்கலாம். ஆனால் மெசேஜில் 'இம்ப்ளான்ட் ரூ.30,000' என்று மட்டும் இருந்து, கேப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் நிலைமை வேறு. ஸ்க்ரூவுக்கு மட்டும்தான் விலை சொன்னோம் என்று கிளினிக் சொல்ல இடம் இருக்கிறது.

*சிபிசிடி ஸ்கேன், ரூ.2,500:* இது தாடை எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் அளக்கும் முப்பரிமாண ஸ்கேன். இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவது வழக்கம்தான். ஆனால் நம் உதாரணத்தில், முதல் நாளே இதற்கான ரூ.2,500-ஐ அவர் தனியாக யுபிஐ-யில் கட்டியிருக்கிறார். கடைசி பில்லில் அது மறுபடி ஏறியிருக்கிறது. பல மாதம் நீளும் சிகிச்சையில் இந்த இரட்டை வரி எளிதாக நடக்கும், எளிதாகக் கண்டுபிடிக்கவும் முடியும். யுபிஐ ஆப்பில் அந்தக் கிளினிக்கின் பெயரைத் தேடி எல்லாக் கட்டணங்களையும் கூட்டிப் பாருங்கள்.

*எலும்புத் தூள், ரூ.8,000:* நேர்மையாகப் பார்க்க வேண்டிய வரி இது. பல் எடுத்து நாளாகிவிட்டால் அந்த இடத்தில் எலும்பு கரைந்துபோகும். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள எலும்பு போதாது என்றால், தூள் மாதிரி இருக்கும் மாற்று எலும்பை நிரப்புவார்கள். சில நேரம் ஈறைத் திறந்து பார்த்த பிறகுதான் இது தேவை என்பதே தெரியவரும். எனவே பேக்கேஜுக்கு வெளியே வந்தது என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. செய்வதற்கு முன் சொல்லிச் சம்மதம் வாங்கினார்களா? என்ன பொருள், எத்தனை கிராம் வைத்தார்கள்? ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு கூடுதலாக இன்னொன்றைச் செய்ய முடியாது, உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான அவசரம் என்றால் மட்டுமே விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது. நம் உதாரணத்தில் மருத்துவர் முன்பே சொன்னார், அவரும் தலையாட்டினார், விலையை மட்டும் யாரும் சொல்லவில்லை. எனவே இந்த வரியை 'நீக்குங்கள்' என்று கேட்பதைவிட 'விவரம் கொடுங்கள்' என்று கேட்பதே சரி. எலும்புத் தூள் சிறு குப்பியில் வரும். அதன் லேபிளில் நிறுவனத்தின் பெயர், எடை, தொகுப்பு எண், அதிகபட்ச விலை ஆகியவை இருக்கும்.

*கிருமி நீக்கம், கையுறை, ரூ.1,500:* கையுறை போடாமல், கருவியைச் சுத்தம் செய்யாமல் எந்த அறுவை சிகிச்சையும் நடக்காது. 'எல்லாம் சேர்த்து' என்று சொன்ன பிறகு இதைத் தனி வரியாகப் போடுவதற்கு நியாயம் இல்லை.

*சிர்கோனியா, ரூ.5,000:* பேக்கேஜில் இருந்தது உலோக-செராமிக் கேப். "சிர்கோனியா வேணும்னா 5,000 கூடும்" என்று கிளினிக் மெசேஜ் அனுப்ப, இவரும் "சரி" என்று பதில் போட்டிருக்கிறார். இது நியாயமான வரி. கட்டத்தான் வேண்டும்.

*ஜிஎஸ்டி, ரூ.9,540:* பலரும் கேள்வி கேட்காமல் விட்டுவிடும் வரி. மருத்துவர்களும் கிளினிக்குகளும் அளிக்கும் சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி-யில் விலக்கு இருக்கிறது. முடி நடுதல், அழகு சார்ந்த அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி ஆகியவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. அவற்றிலும், பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் கோளாறு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீரமைக்கச் செய்தால் விலக்கு உண்டு. நோயால் போன கடைவாய்ப் பல்லை, மெல்லுவதற்காகத் திரும்ப வைப்பது சிகிச்சை. அழகுக்காகச் செய்வது அல்ல. ஆகவே இங்கே 18% போட்டால், எந்தத் தலைப்பில் போட்டீர்கள், உங்கள் ஜிஎஸ்டி பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேட்கலாம்.

அதே நேரம், முடி நடுதலுக்கு ரூ.60,000 பேக்கேஜ் பேசியவருக்கு ரூ.10,800 ஜிஎஸ்டி வந்தால், அந்த வரி விதிப்பு தவறில்லை. அங்கே கேள்வி, சொன்ன விலையில் வரியும் அடக்கமா இல்லையா என்பது மட்டும்தான்.

அப்போ சரியான தொகை எவ்வளவு?

பேக்கேஜ் 30,000, எலும்புத் தூள் 8,000, சிர்கோனியா 5,000. மொத்தம் ரூ.43,000. பில்லில் இருந்தது 62,540. வித்தியாசம் ரூ.19,540. எலும்புத் தூளின் விவரம் வந்த பிறகு இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறலாம்.

கவனிக்க வேண்டிய விஷயம் இது. 30 ஆயிரத்துக்கு மேல் ஒரு பைசாவும் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நியாயமான 13 ஆயிரத்தை அவரே ஏற்றுக்கொள்கிறார். அதனால்தான் மீதி 19,540-ஐ கிளினிக்கால் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

தள்ளுபடி ஏன் வேண்டாம்?

தள்ளுபடி வாங்கினால், பில் சரியானதுதான், கிளினிக் கருணையோடு குறைத்தது என்று பதிவாகும். பிறகு வேறு எதையும் கேட்பது கடினமாகிவிடும். திருத்திய பில் என்றால், எந்த வரி ஏன் நீக்கப்பட்டது என்பது தாளில் வரும். அலுவலகத்தில் மருத்துவச் செலவைத் திரும்பப் பெறுபவர்களுக்கும் இந்தத் தாள்தான் தேவை.

தவணையில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நிதி நிறுவனம் கடன் தொகையைக் கிளினிக்குக்குக் கொடுத்திருக்கும். பில் தவறு என்று நாம் தவணையை நிறுத்தினால் அடிபடுவது நம் சிபில் ஸ்கோர். எனவே தவணையைக் கட்டிக்கொண்டே, கடிதத்தின் நகலை நிதி நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும். கோபம் வேண்டாம், 'ஏமாற்று' என்ற சொல் வேண்டாம். சிகிச்சை சரியில்லை, வலிக்கிறது என்ற புகார் இருந்தால் அதைத் தனியாக எழுத வேண்டும். இரண்டையும் கலந்தால் பேச்சு மருத்துவத்தின் பக்கம் திரும்பி, பில் மறந்துபோகும். நம் உதாரணத்துக்கான மாதிரிக் கடிதம்:

> அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்: நிர்வாகி, (கிளினிக் பெயர், முகவரி)
>
> பொருள்: பில் எண் (...), தேதி (...) – திருத்திய பில்லும் கூடுதலாகப் பெற்ற தொகையும் கோருதல்
>
> ஐயா/அம்மா,
>
> தங்கள் கிளினிக்கில் எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளான்ட் சிகிச்சை செய்யப்பட்டது. இதற்கு 'கேப் உட்பட, எல்லாம் சேர்த்து ரூ.30,000' என்று (தேதி) அன்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தீர்கள். மேற்கண்ட பில்லில் ரூ.62,540 கணக்கிடப்பட்டு, என்னிடமிருந்து முழுவதும் பெறப்பட்டுள்ளது.
>
> நான் ஏற்கும் தொகை: பேக்கேஜ் ரூ.30,000, நான் கேட்டு மாற்றிய சிர்கோனியா கேப்புக்கு ரூ.5,000.
>
> நீக்கக் கோரும் தொகை:
> 1. அபட்மென்ட் ரூ.6,000 – கேப் உட்பட என்ற விலையில் அடங்கியது.
> 2. சிபிசிடி ஸ்கேன் ரூ.2,500 – (தேதி) அன்று தனியாகச் செலுத்தப்பட்டது. யுபிஐ பரிவர்த்தனை எண் (...).
> 3. கிருமி நீக்கம், கையுறை ரூ.1,500 – பேக்கேஜில் அடங்கியது.
> 4. ஜிஎஸ்டி ரூ.9,540 – இது சிகிச்சைச் சேவை. வரி பொருந்தும் எனக் கருதினால், எந்தத் தலைப்பின் கீழ் என்பதையும் தங்கள் ஜிஎஸ்டி பதிவு எண்ணையும் தெரிவிக்கவும்.
>
> விவரம் கோரும் தொகை: எலும்புத் தூள் ரூ.8,000 – பொருளின் பெயர், எடை, தொகுப்பு எண், லேபிளின் நகல்.
>
> எனவே திருத்திய பில்லையும், கூடுதலாகப் பெற்ற ரூ.19,540-ஐயும் இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருத்தப்பட்ட இம்ப்ளான்ட்டின் ஸ்டிக்கர் நகலையும் வழங்கவும்.
>
> இணைப்பு: வாட்ஸ்அப் உரையாடல், பில், யுபிஐ ரசீதுகள்.
>
> (கையொப்பம், தேதி)

கடைசியில் கேட்ட ஸ்டிக்கர் சின்ன விஷயம் இல்லை. இம்ப்ளான்ட் பெட்டியில் நிறுவனத்தின் பெயர், ஸ்க்ரூவின் விட்டம், நீளம், தொகுப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். பேசிய பிராண்டைத்தான் வைத்தார்களா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. சில வருடம் கழித்து வேறு ஊரில் அபட்மென்ட்டை மாற்ற வேண்டி வந்தாலும், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது இந்த விவரத்தைத்தான்.

கடிதத்தை இமெயிலில் அனுப்பிவிட்டு, டெலிவரி ஆனதற்குச் சான்று கிடைக்கும்படி தபாலிலும் அனுப்புங்கள். ரிசப்ஷனில் நேரில் கொடுத்தால், நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வர வேண்டாம்.

கிளினிக் என்ன பதில் சொல்லும்?

"நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்திலேயே கூடுதல் கட்டணம் உண்டு என்று இருக்கிறது" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். படிவத்தின் நகலைக் கேளுங்கள். அபட்மென்ட் தனி, இவ்வளவு ரூபாய் என்று அதில் தெளிவாக இருந்து, அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். 'தேவைப்பட்டால் கூடுதல் கட்டணம்' என்று பொதுவாக மட்டும் இருந்தால், பேக்கேஜில் ஏற்கனவே அடங்கிய பொருளுக்கு அதை வைத்து மறுபடி பணம் கேட்பது கடினம்.

இன்னொரு சிக்கல், விலையை வாயால் மட்டும் சொல்லியிருப்பது. அப்படியென்றால் அவர்களுடைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், முன்பண ரசீதில் எழுதிய மொத்தத் தொகை, உடன் வந்தவரின் சாட்சியம் ஆகியவைதான் துணை. எதுவுமே இல்லை என்றால் பேக்கேஜ் விலையை நிரூபிப்பது சிரமம். அப்போதும் இரட்டை ஸ்கேன் கட்டணம், ஜிஎஸ்டி இரண்டையும் கேட்க முடியும். அவை பேசிய விலையை நம்பி நிற்பவை அல்ல.

பதிலே வரவில்லை என்றால்?

கட்டணம் வாங்கிக்கொண்டு அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எதற்கெல்லாம் புகார் கொடுக்கலாம் என்று பிரிவு 2(6)-ல் பட்டியலிடுகிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலையைவிட அதிகம் வாங்குவது அதில் ஒன்று. அதாவது சிகிச்சையில் தவறு நடந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பேசிய விலை இது, வாங்கிய விலை இது என்று காட்டினால் புகாருக்கு அடிப்படை கிடைத்துவிடும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அவர்கள் கிளினிக்கைத் தொடர்புகொண்டு பேசுவார்கள். ஆனால் உத்தரவு போட முடியாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். e-jagriti.gov.in தளத்தில் ஆன்லைனிலேயே புகார் தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் தாக்கல் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

அங்கே புகாரோடு முதலில் இணைக்க வேண்டிய தாள், நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

விலை பேசும்போதே அனுப்ப வேண்டிய மெசேஜ்

இன்னும் முன்பணம் கட்டாதவர்கள் கிளினிக்குக்கு இந்த ஒரு மெசேஜை அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: "நீங்கள் சொன்ன 30 ஆயிரத்தில் ஸ்க்ரூ, அபட்மென்ட், கேப், ஸ்கேன், வரி எல்லாம் அடக்கமா? எலும்புத் தூள் தேவைப்பட்டால் எவ்வளவு ஆகும்?" 'ஆமாம்' என்றோ, 'ஸ்கேன் மட்டும் தனி' என்றோ பதில் வந்தால், கேப் வைக்கும் நாளில் கையில் இருக்கும் பில்லை அதோடு ஒப்பிட்டாலே போதும். பதில் சொல்லாமல் "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னால், விலை இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அதுவரை முன்பணம் கட்ட அவசரப்பட வேண்டாம்.